முடித்த ஓவியங்களின் கோப்புறையிலிருந்து வாரம் ஒரு பதிவு: ஓர் ஆவுளியா படத்தை வைத்து ஒரு செய்முறைக் குறிப்பு

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் இருந்துகொண்டு சென்னைப் பதிப்பகங்களுக்குச் சிறார் நூல் ஓவியங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். புதிய வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் என்னை நேரில் பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராமிலும் என் வலைத்தளத்திலும் உள்ள படங்களைப் பார்த்துத்தான் அழைக்கிறார்கள். அதனால் வாரத்துக்கு ஒரு பதிவு என்பதை விடாமல் நடத்தி வருகிறேன். அதற்காகப் புதிதாக எதையும் வரைவதில்லை. ஏற்கெனவே முடிந்து கோப்புறையில் கிடக்கும் ஓவியங்களைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, கடல்பசு பற்றிய ஒரு படக்கதைக்கு வரைந்த இரட்டைப் பக்கம் ஒன்றை முன்வைத்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கரையில் அதை ஆவுளியா என்றே சொல்வோம் என்பதால் கோப்பின் பெயரும் `avuliya` என்றே இருக்கிறது.

முதலில் கோப்புறையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். முடித்த ஓவியங்களை மீன், படகு, மனிதர்கள் என்று பொருள்வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பதிவிட உட்காரும் நாளில் எழும் கேள்வி ‘இது என்ன படம்’ என்பதன்று, ‘இதை இப்போது வெளியில் காட்டலாமா’ என்பது. ஆகவே என் கோப்புறை அனுமதியின் அடிப்படையில் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. `1_podalaam` என்பதில் இன்றே போடக்கூடியவை இருக்கும், `2_kaaththiru` என்பதில் நூல் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டியவை இருக்கும், `3_koodaathu` என்பதில் வாடிக்கையாளர் மறுத்தவையும் கேட்டுப் பதில் வராதவையும் இருக்கும். ஓவியம் முடிந்து கணக்குத் தீர்ந்ததும் எந்தப் படமும் முதலில் இரண்டாவது உறைக்குள்தான் போகும். எழுத்தில் அனுமதி கிடைத்த பிறகே அது முதல் உறைக்கு நகரும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் வரைந்தது நம்முடையது என்று பல ஓவியர்கள் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு தீட்டப்படும் ஓவியத்திற்கு, மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று சொல்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் நிலைமை மாறிவிடும். ‘நூல் வெளியான பின் ஓவியர் தம் பணிகளைக் காட்டும் நோக்கில் இப்படங்களைத் தம் தளத்திலும் சமூக ஊடகத்திலும் வெளியிடலாம்’ என்ற அந்த வரியை என் மதிப்பீட்டுக் கடிதத்திலேயே சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அந்த வரி இல்லாத பழைய வேலைகளுக்குத் தனியாகக் கேட்டு எழுதுவேன். ஆவுளியா நூலுக்கு நான் எழுதிய மின்னஞ்சல் இது:

‘வணக்கம் மேடம். ஆவுளியா நூலின் 4, 7, 11ஆம் இரட்டைப் பக்க ஓவியங்களை என் பணித்தொகுப்பில் வெளியிட விரும்புகிறேன். கதையின் வரிகள் இல்லாமல், படம் மட்டும். பதிப்பகத்தின் பெயரும் நூலின் பெயரும் குறிப்பில் இருக்கும். எந்தத் தேதிக்குப் பிறகு வெளியிடலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.’

பதில் இப்படி வந்தது: ‘நான்கும் ஏழும் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் போடுங்கள். பதினொன்று வேண்டாம், அது கதையின் முடிவு.’ நான் எந்தெந்தப் பக்கம் என்று எண் குறிப்பிட்டுக் கேட்டதால் எண் குறிப்பிட்டே பதில் வந்தது. ‘சில படங்களைப் போடலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்றுதான் பதில் வரும், அதன்பின் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வந்த மின்னஞ்சலைப் படத்தோடு அதே உறையில் சேமித்துவிடுகிறேன். 7ஆம் படம் முதல் உறைக்கு வந்தது இப்படித்தான்.

முதல் உறையில் இருப்பவற்றில் இந்த வாரம் எதைப் போடுவது என்று முடிவெடுக்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அடுத்து எந்த வேலை வர வேண்டும் என்று விரும்புகிறேனோ அதற்குச் சான்றாக நிற்கும் படத்தைத்தான் எடுப்பேன். அதிக விருப்பக்குறி வாங்கும் படம் அதுவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாம்பன் பாலம், தனுஷ்கோடித் தேவாலயத்தின் இடிபாடு ஆகியவற்றை வரைந்து போட்டால் ஏராளமானவர்கள் பார்ப்பார்கள். ஆனால் சிறார் நூல் பதிப்பாசிரியர் ஒருவருக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒரே கதாபாத்திரம் வேறு வேறு கோணத்திலும் அசைவிலும் அதே முகத்தோடு வருகிறதா என்பதைத்தான் அவர் தேடுவார். ஆகவே ஒரு நூலின் படங்களைச் சிதறவிடாமல் அடுத்தடுத்த வாரங்களில் தொடர்ச்சியாகப் போடுகிறேன். ஆவுளியா நூலில் 4ஆம் படம் தாயை மேலிருந்து காட்டுகிறது, 7ஆம் படம் தாயையும் குட்டியையும் பக்கவாட்டில் காட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு நான் சொல்லாமலேயே விஷயம் விளங்கும்.

இனி 7ஆம் படத்தைத் திரைக்கு ஏற்றபடி வெட்டிய கதை. நேரமும் கவனமும் அதிகம் வேண்டிய கட்டம் இதுதான்.

நூலின் ஒரு பக்கம் பத்து அங்குலச் சதுரம். இரட்டைப் பக்கம் இருபதுக்குப் பத்து. 300 டிபிஐ-யில் 6000×3000 பிக்சல். அச்சகத்துக்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர், அதாவது சுமார் 35 பிக்சல், கூடுதலாக வண்ணம் நீட்டியிருப்பேன். இந்தப் படத்தை அப்படியே கைபேசித் திரையின் அகலத்துக்குச் சுருக்கினால் 1080×540 ஆகிவிடும். அந்த அளவில் குட்டியின் கண் ஒரு புள்ளியாகிவிடும். கடற்புல்லின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைத் திட்டாகிவிடும். புத்தகத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பார்க்க வரைந்த படத்தைக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்குக் காட்டுவதென்றால், வெட்டும் முறையை யோசித்தே ஆக வேண்டும்.

எனவே ஒரே பதிவில் நான்கு படங்களாகப் பிரிக்கிறேன். முதல் படம் 1080×1350 அளவுள்ள நெட்டைச் சட்டகம். மூலத்தின் முழு உயரமான 3000 பிக்சலை எடுத்துக்கொண்டால் அகலம் 2400 வரும். வலப்பக்கத்தில் தாயும் குட்டியும் உள்ள பகுதியை அந்த அளவில் வெட்டினேன். புத்தகத்தின் நடு மடிப்பு 3000ஆம் பிக்சலில் விழும். மடிப்பில் முக்கியமான எதுவும் மாட்டாதபடி ஏற்கெனவே வரைந்திருப்பதால், 3300இல் தொடங்கி 5700 வரை வெட்டினால் உருவங்கள் சிதையாமல் வந்துவிடுகின்றன. இரண்டாவது, முழு இரட்டைப் பக்கம். மேலும் கீழும் தாள் நிறத்தில் பட்டை வைத்து அதே 1080×1350 சட்டகத்தில் பொருத்தியது. மூன்றாவது, சுருக்கவே செய்யாத நுணுக்கப் பகுதி. அச்சில் 3.6 அங்குல அகலம் வரும் இடத்தை அப்படியே பிக்சலுக்குப் பிக்சல் எடுத்தது. நான்காவது, பென்சில் வரைவு. நான்கையும் ஒரே விகிதத்தில் வைப்பதற்குக் காரணம், தொடர்படப் பதிவில் முதல் படத்தின் விகிதத்துக்கு ஏற்ப மற்றவை வெட்டுப்படக்கூடும் என்பதே.

முதல் படத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமின் சுயவிவரப் பக்கத்தில் படங்கள் இப்போது 3:4 விகிதக் கட்டங்களாகத் தெரிகின்றன. நமது படம் 4:5 என்பதால் இடமும் வலமும் சுமார் 34 பிக்சல் அங்கே மறைந்துவிடும். குட்டியின் வால் நுனி அந்த விளிம்பில் இருந்தால் கட்டத்தில் வால் அறுந்தது போலத் தெரியும். ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தின் வால் போலக் கிடையாக விரிந்து நடுவில் பிளந்திருக்கும். அதை அடையாளம் காட்டும் உறுப்பே அதுதான் என்பதால், வெட்டும் இடத்தை வால் முழுமையாக உள்ளே வரும்படி வைத்தேன்.

`ImageMagick` என்ற மென்பொருளில் நான் பயன்படுத்தும் கட்டளைகள் இவை. `sRGB.icc` என்ற நிற விவரக் கோப்பும் அதே உறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

```
magick "avuliya_07_rgb.tif[0]" -shave 35x35 -profile sRGB.icc m.png
magick m.png -crop 2400x3000+3300+0 +repage -resize 1080x1350 -unsharp 0x0.6 -quality 90 07_1.jpg
magick m.png -resize 1080x -background "#F3EDE0" -gravity center -extent 1080x1350 -quality 90 07_2.jpg
magick m.png -crop 1080x1350+3700+1100 +repage -quality 90 07_3.jpg
```

முதல் வரி அச்சுக்கான விளிம்பை நீக்கி, நிறங்களைத் திரைக்குரிய `sRGB` வெளிக்கு மாற்றுகிறது. இரண்டாவது வரியில் உள்ள `-unsharp` சுருக்கும்போது மழுங்கும் மைக்கோடுகளை லேசாகக் கூர்மையாக்குகிறது. இந்த அளவைக் கூட்டினால் கோட்டின் இருபுறமும் வெள்ளை ஓரம் தெரியத் தொடங்கும். நீர்வண்ணத்தின் மென்மை கெட்டுவிடும். மூன்றாவது படத்தைச் சுருக்காததால் கூர்மைப்படுத்தவும் தேவையில்லை.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக் நீரிணையின் ஆழமற்ற கடல், வெயில் ஏறியதும் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்துக்கு வரும். இந்தப் படத்தின் உயிர் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பியது சிஎம்ஒய்கே கோப்பு. என் கையில் உள்ள மூலம் லேயர்களோடு கூடிய ஆர்ஜிபி கோப்பு. பதிவுக்கு எப்போதும் ஆர்ஜிபி மூலத்திலிருந்துதான் படம் எடுக்க வேண்டும். அச்சுக் கோப்பில் சில நிறங்கள் மையின் எல்லைக்குள் ஏற்கெனவே அடக்கப்பட்டுவிட்டன. அதைத் திரும்ப ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் இழந்தது திரும்பாது. கடல் சாம்பல் பூத்தே நிற்கும். சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே ஏற்றினால் சில இடங்களில் நிறம் முற்றிலும் மாறித் தெரியும், சில தளங்கள் ஏற்கவே மறுக்கும். எந்தக் கோப்பு எந்த வகை என்பதில் ஐயம் வந்தால் இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
magick identify -format "%f %[colorspace] %[profile:icc]\n" avuliya_07*
```

கடைசி இடம் காலியாக வந்தால் கோப்பில் நிற விவரம் பதியப்படவில்லை என்று பொருள். அந்த நிலையில் மேலே உள்ள `-profile` கட்டளை நிறத்தை மாற்றாது, பெயரை மட்டும் ஒட்டிவிடும். வரைந்த மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, எந்த நிற வெளியில் வரைந்தோமோ அதைப் பதித்துச் சேமித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஓவியம் அடோபி ஆர்ஜிபியில் இருந்து, அந்த விவரம் இல்லாமல் போனால், படம் மங்கி, உப்புக்காற்றில் வெளுத்த துணி போலத் தெரியும். பதிவேற்றுவதற்கு முன் `07_1.jpg` கோப்பைக் கைபேசிக்கு அனுப்பி, மூலத்தைக் கணினியில் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நிழலில் ஒரு முறை, வாசலில் வெளிச்சத்தில் ஒரு முறை. தாயின் வயிற்றுக்கடியில் உள்ள நிழல் வாசல் வெளிச்சத்திலும் பிரிந்து தெரிய வேண்டும்.

நுணுக்கப் பகுதிக்கு எதை எடுப்பது என்பது ஓவியருக்கு ஓவியர் மாறும். நான் ஆவுளியாவின் முகத்தை எடுத்தேன். அதன் மூக்குப் பகுதி தட்டையாகக் கீழ்நோக்கி மடிந்திருக்கும், சுற்றிலும் தடித்த மயிர்கள் இருக்கும். தரையில் உள்ள கடற்புல்லை மேய்வதற்கான அமைப்பு அது. அந்த மயிர்களை ஈர வண்ணம் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறேன். சுருக்கிய படத்தில் அது யாருக்கும் தெரியாது. இயற்கை அறிவியல் நூல் வெளியிடுபவர் ஒருவர் இதைப் பார்த்தால், இந்த ஓவியர் உயிரினத்தைப் படித்துவிட்டு வரைகிறார் என்று புரிந்துகொள்வார். கைநேர்த்தி எங்கே இருக்கிறதோ அங்கே சட்டகத்தை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கண்ணைக் கவரும் பளிச்சென்ற இடமும் அதுவும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

நான்காவதாகப் பென்சில் வரைவைச் சேர்ப்பதற்குக் காரணம், வரைவுக்கும் முடிவுக்கும் இடையில் நடந்த மாற்றத்தைக் காட்ட முடியும் என்பது. பாம்பனில் இருக்கும் என் மாமா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். வரைவு நிலையிலேயே படத்தை அவரிடம் காட்டியபோது, “ஆவுளியா மேஞ்ச தடம் வளைஞ்சு வளைஞ்சு போகும் தாயி, இப்புடி ஏர் உழுத மாதிரி நேரா இருக்காது” என்றார். கடற்புல் வெளியில் ஆவுளியா வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போவதால் அதன் பின்னே வெறும் மணல் தடம் விழும், அது வளைந்துதான் போகும். முடிந்த ஓவியத்தில் தடம் வளைகிறது. வரைவையும் முடிவையும் சேர்த்துக் காட்டினால், கருத்துக் கேட்டுத் திருத்தும் பழக்கம் உள்ளவர் என்பது பதிப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். வரைவு காகிதத்தில் இருப்பதால் ஸ்கேன் செய்ய வேண்டும். வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரம் குடித்து நெளிந்துவிடும். ஸ்கேனரின் மூடியை மூடினாலும் நடுவில் நிழல் விழும். அந்த மாதங்களில் வரைவுகளை முந்தைய நாளே கனமான புத்தகங்களுக்கடியில் வைத்துவிட்டு மறுநாள் ஸ்கேன் செய்கிறேன்.

குறிப்பு எழுதுவது குறைந்த நேர வேலைதான், ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் இரண்டு வரிகள் மட்டுமே மடிக்காமல் தெரியும் என்பதால், என்ன படம், யாருக்காக என்பது அங்கேயே வந்துவிட வேண்டும். இந்தப் பதிவின் குறிப்பு இப்படி அமைந்தது: ‘ஆவுளியா நூலின் 7ஆம் இரட்டைப் பக்கம். சிறார் படக்கதை, 6 வயது முதல். நீர்வண்ணமும் மையும், கணினியில் நிறத்திருத்தம். தாயும் குட்டியும் மேயும் காட்சியில் கதையின் நான்கு வரிகளுக்கு இடது மேற்புறம் இடம் விட்டு வரையும்படி கேட்டிருந்தார்கள்.’ அந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. இடது பக்கம் ஏன் வெறும் நீராக இருக்கிறது என்று இரண்டாவது படத்தைப் பார்ப்பவர் நினைக்கக்கூடும். எழுத்துக்கு இடம் விடத் தெரிந்தவர் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடுகிறது. பார்வையற்றவர்களுக்கான மாற்று விவரணையையும் நான்கு படங்களுக்கும் தனித்தனியாக எழுதுகிறேன். ‘ஆவுளியா ஓவியம்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘கடற்புல் மேயும் தாய் ஆவுளியா, அதன் முதுகுக்கு மேல் நீந்தும் குட்டி, பின்னால் வளைந்து செல்லும் மணல் தடம்’ என்று எழுதினால் படம் மனதில் எழும்.

பதிவை அந்தந்த நாளில் உட்கார்ந்து ஏற்றுவதில்லை. எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் நிற்கும் நாள் உண்டு. புயல் சின்னம் உருவாகும் காலத்தில் இணையம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தொழில்முறைக் கணக்கில் நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே வைக்கும் வசதி இருப்பதால், ஒரு நூலின் பதிவுகளை ஒரே அமர்வில் தயாரித்து அடுத்தடுத்த வாரங்களுக்கு வரிசையில் வைத்துவிடுகிறேன். வரிசையில் வைப்பதற்கு முன் அனுமதித் தேதியை மறுபடி ஒருமுறை பார்ப்பது கட்டாயம். நூல் வெளியீடு தள்ளிப்போவது பதிப்புலகில் வழக்கம். வரிசையில் நின்ற பதிவு தானாக வெளியாகி, நூலுக்கு முன்பே படம் வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஓவியர்தான். ஆகவே ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வரிசையில் நிற்கும் நூல்களின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு வரி எழுதி, தேதி மாறவில்லை என்று உறுதி செய்துகொள்கிறேன்.

பதிவு வெளியான பிறகு, வேறொருவரின் கைபேசியில் அதைத் திறந்து பார்ப்பேன். ஏற்றும்போது தளம் படத்தை மீண்டும் சுருக்கும். அதன் பாதிப்பு முதலில் தட்டையான நிறப்பரப்பில்தான் தெரியும். கடலின் மேற்பகுதியில் நிறம் படிப்படியாக மாறும் இடத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருந்தால், அடுத்த படத்தில் அந்தப் பரப்பின் மேல் காகிதத்தின் சொரசொரப்பைச் சற்றே கூடுதலாக வைத்து எடுப்பேன். ஸ்கேன் செய்த நீர்வண்ணத்தில் இந்தச் சிக்கல் குறைவு. முழுக்கக் கணினியில் வரைந்த படங்களில் அதிகம்.

எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் குறிக்கிறேன். கோப்பின் பெயர், அனுமதி கிடைத்த நாள், பதிவிட்ட நாள், எந்தப் பகுதி வெட்டப்பட்டது, அதைப் பார்த்து விசாரணை வந்ததா என்பவைதான் பத்திகள். வெட்டிய பகுதியைக் குறித்து வைப்பதால், பின்னொரு காலத்தில் அதே ஓவியத்தின் இடது பாதியை வேறு பதிவுக்கு எடுக்க முடிகிறது. விசாரணைப் பத்தியை நிரப்ப, அழைப்பவரிடம் ‘எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்’ என்று கேட்டுவிடுவேன்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நூலுக்கு மாதக்கணக்கில் வரைந்தாலும் போட அனுமதி கிடைப்பது சில படங்களுக்குத்தான். வாரம் ஒன்று போகும் வேகத்தில் முதல் உறை சீக்கிரம் காலியாகிவிடும். அங்கே நான்கு ஓவியங்களுக்குக் கீழே போனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறேன். இடத்தை நிரப்புவதற்காக இன்னும் முடிவடையாத வேலையைப் போடுவதில்லை. யாருடைய அனுமதியும் தேவைப்படாத சொந்த ஓவியங்கள் இதற்குக் கைகொடுக்கின்றன. அவற்றுக்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலில் மிதக்கும்போது தெரியாத அடிப்பாகம், சுக்கான், இலைவிசிறி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று வரையலாம், மராமத்து செய்பவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். படகுக்காரரிடம் கேட்டு, படகின் பதிவு எண்ணை மட்டும் மாற்றி வரைந்துகொள்கிறேன். இந்த ஆண்டு அங்கே வரைந்தவற்றில் முடிந்தவை நேராக முதல் உறைக்குப் போய்விட்டன. ஆவுளியாவின் 4ஆம் படத்துக்கும் 7ஆம் படத்துக்கும் பிறகு வரும் வாரங்களில் அவை வரிசையில் நிற்கின்றன. பதினொன்றாம் படம் மூன்றாவது உறையில் இருக்கிறது. நூலின் இரண்டாம் பதிப்பு வரும்போது அதைப் பற்றி மறுபடி கேட்டு எழுத வேண்டும் என்று விரிதாளில் குறித்திருக்கிறேன்.